கைல பட்டா எல்லாம் ஹேண்ட்ஸ் இல்ல: எப்ப விசில், எப்ப விளையாட விடுவாங்க

"அண்ணே, போன வாரம் மஞ்சக்குப்பம் கிரவுண்டுல ஒரு ஃபைனல். கிராஸ தடுக்க எங்க டிஃபென்டர் ஸ்லைடு அடிச்சான், பால் கைல பட்டுச்சு, அவன் பால பாக்கவே இல்ல, ஆனா பெனால்டி குடுத்துட்டாங்க. அதே மேட்ச்ல எதிர் டீம் மிட்ஃபீல்டர் கைல பட்ட பால் அவங்க ஸ்ட்ரைக்கர்கிட்ட போய் கோல் ஆயிடுச்சு, அதுக்கு விசிலே இல்ல. ரெண்டுக்கும் ஒரே ரெஃப்ரி. வேணும்னு தொட்டாத்தான ஹேண்ட்ஸ்? இது என்ன நியாயம்ணே?"

தம்பி, நீ கோவப்படுற ரெண்டு முடிவுமே சரியா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. முதல் முடிவு உங்க ஆளோட எந்தக் கை மேல பட்டுச்சுங்கறதுல நிக்குது, அத நீ எழுதல. ரெண்டாவது முடிவு அந்த மிட்ஃபீல்டர் கைய வேணும்னு கொண்டு போனானா இல்லயாங்கறதுல நிக்குது. நான் மேட்ச பாக்கல, அதனால ரெஃப்ரி பக்கமும் பேசல உங்க பக்கமும் பேசல, அந்த இடத்துல விசில் வாயில வச்சிட்டு நிக்கறவன் என்ன பாப்பான்னு மட்டும் சொல்றேன். நான் புதுச்சேரி பக்கம் லோக்கல் மேட்ச்சுங்களுக்கு விசில் ஊதறவன், கோட்டுக்கு வெளிய இருந்து "ஹேண்ட்ஸ்! ஹேண்ட்ஸ்!"னு கத்தற சத்தம் எனக்கு தூக்கத்துலயும் கேக்கும்.

முதல்ல அந்த "வேணும்னு தொட்டாத்தான்"ங்கற விஷயம். நீ சொல்றது தப்பில்ல, பழசு. ரொம்ப காலத்துக்கு சட்டத்துல அப்படித்தான் இருந்துச்சு, வேணும்னு கையால பால தொட்டா குத்தம், மத்தபடி விளையாட்டு ஓடும். ஃபுட்பால் சட்டத்த எழுதறது ஐஎஃப்ஏபின்னு ஒரு அமைப்பு, ஃபிஃபாவுக்கு அதுல எட்டு ஓட்டுல நாலு ஓட்டு, மீதி நாலு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நாலு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. அவங்க 2019ல இந்த ஹேண்ட்பால் பகுதிய மொத்தமா பிரிச்சு எழுதுனாங்க, 2020ல கொஞ்சம் மாத்துனாங்க, 2021ல மறுபடி மாத்துனாங்க. மூணு வருஷத்துல மூணு தடவ. அதனால தான் டீக்கடைல நாலு பேர் பேசுனா நாலு பேரும் நாலு வருஷத்து சட்டத்த பேசறாங்க, எல்லாரும் எங்கயோ படிச்சத தான் சொல்றாங்க, பொய் சொல்லல.

இப்ப இருக்கறது என்னன்னா, முதல் வரியே "கைல பால் பட்டா எல்லாமே குத்தம் இல்ல"ங்கற அர்த்தத்துல தான் இருக்கு. அதுக்கப்புறம் மூணு விதமா குத்தம் ஆகும். ஒண்ணு, வேணும்னு தொடறது, கைய பால் இருக்கற பக்கம் கொண்டு போறது. ரெண்டு, வேணும்னு தொடல, ஆனா கைய வச்சிருக்கற விதத்துல உடம்ப இயல்புக்கு மீறி பெருசாக்கி வச்சிருந்து அதுல பால் படறது. மூணு, கைல பட்டு நேரா கோல் போறது, இல்ல ஒருத்தன் கைல பட்ட உடனே அவனே கோல் அடிக்கறது, இதுல தெரியாம பட்டிருந்தாலும் கோல் கிடையாது. உங்க டிஃபென்டர் மாட்டுனது ரெண்டாவதுல. அவங்க மிட்ஃபீல்டர் தப்பிச்சது மூணாவதுல.

உள்ள போறதுக்கு முன்னாடி கை எங்க ஆரம்பிக்குதுன்னு ஒண்ணு இருக்கு, அத சொல்லிடறேன், கிரவுண்டுல பாதி சண்ட இதுல தான். அக்குள் இருக்குல்ல, அந்த அக்குளோட அடிப்பக்கத்துக்கு நேரா கை மேல ஒரு கோடு போட்டா அதுக்கு கீழ எல்லாம் கை, மேல எல்லாம் தோள். தோள்ல பட்டா நெஞ்சுல பட்ட மாதிரி தான், விளையாட்டு ஓடும், கோலும் அடிக்கலாம். இது 2020ல தெளிவா எழுதுனது. அர கை சட்டைல கைப்பகுதி எவ்ளோ தூரம் வருதோ அந்த அளவுன்னு அப்ப பேசுனாங்க, ஆனா சில பசங்க ஜெர்சி முழங்கை வரைக்கும் தொங்குது, அத வச்சு அளந்தா ஆகாது, அக்குளுக்கு நேரா தான் கணக்கு.

இப்ப உங்க பெனால்டிக்கு வரேன். "உடம்ப இயல்புக்கு மீறி பெருசாக்கறது"ன்னா கை விரிஞ்சிருந்தாலே குத்தம்னு அர்த்தம் இல்ல. சட்டம் கேக்கற கேள்வி வேற. அந்த நேரத்துல, அந்த அசைவுல, அந்த கை அங்க இருக்கறதுக்கு உடம்புல ஒரு காரணம் இருக்கா? ஓடறவனுக்கு கை ஆடும், எகிறி ஹெட் அடிக்கறவனுக்கு கை கொஞ்சம் மேல வரும், திரும்பறவனுக்கு கை விலகும், விழறவனுக்கு கை தரைய தேடும். இது எல்லாம் உடம்பு தானா பண்ற வேல. கைய உடம்போட ஒட்டி வச்சுட்டு எவனாலயும் ஓடவோ குதிக்கவோ முடியாது, அதனால கை உடம்ப விட்டு விலகி இருக்குங்கறது மட்டும் குத்தம் ஆகாது. ஆனா அந்த அசைவுக்கு தேவையே இல்லாம கை வெளிய நிக்குதுன்னா, அந்த கை பால் போற வழிய அடைச்சிட்டு நிக்குது, பட்டா விசில் ஊதுவாங்கங்கற ரிஸ்க்க அவன் எடுத்துட்டான்னு சட்டமே சொல்லுது. அவன் பால பாத்தானா, அவனுக்கு எண்ணம் இருந்துச்சாங்கறது இங்க கேள்வியே இல்ல. உங்க ஆளு பால பாக்கலங்கறது உங்களுக்கு உதவாததுக்கு இது தான் காரணம்.

ஸ்லைடு அடிக்கறவன எடுத்துக்க. விங்கர் பெனால்டி ஏரியா ஓரத்துல கிராஸ் போட காலத் தூக்கறான், உங்க ஆளு வலது கால நீட்டி இடது இடுப்பு தரைல படற மாதிரி சறுக்கறான்னு வை. அவனோட இடது கை உடம்புக்கும் தரைக்கும் நடுவுல இருக்கும், முட்டுக்குடுக்கற கை. அது இல்லன்னா தோள் நேரா தரைல இடிக்கும். அந்தக் கைல பால் பட்டா, கை உடம்புக்கு கீழயே இருந்துச்சுன்னா, பொதுவா விசில் கிடையாது. 2019ல எழுதுன சட்டத்துல இந்த முட்டுக்குடுக்கற கைக்கு விலக்குன்னு தனியா வரியே இருந்துச்சு, அதுலயும் ஒரு நிபந்தன, கை பக்கவாட்டுலயோ மேலயோ நீண்டு உடம்ப விட்டு வெளிய போயிருக்க கூடாது. 2021ல சட்டத்த சுருக்கும்போது அந்த வரி போயிடுச்சு, ஆனா "உடம்பு அசைவுக்கு காரணம் இருக்கா"ங்கற கேள்விக்குள்ளயே அது அடங்கிடுது, ரெஃப்ரிங்க இன்னிக்கும் அப்படித்தான் பாக்கறாங்க.

இப்ப அவனோட வலது கை. சறுக்கும்போது அந்தக் கை மேல இருக்கற கை, அதுக்கு தரைல வேல இல்ல. நிறைய பேருக்கு சறுக்கற வேகத்துல அந்தக் கை தலைக்கு மேல, பஸ்ஸ நிறுத்தற மாதிரி தூக்கிட்டு நிக்கும். கிராஸ் அடிக்கறவன் பெரும்பாலும் பால தரையோட அடிக்க மாட்டான், இடுப்பு ஒசரத்துல அடிப்பான், சரியா அந்த கை இருக்கற இடம். அதுல பட்டா பெனால்டி, பெருசா வாதம் பண்ண இடம் இல்ல. எனக்கு தெரிஞ்சு லோக்கல் மேட்ச்ல ஸ்லைடுக்கு குடுக்கற பெனால்டி முக்காவாசி இந்த மேல்கைல பட்டது தான். உங்க ஆளுகிட்டயே கேளு, பால் பட்டப்ப எந்தக் கை வலிச்சதுன்னு. தரைல ஊனுன கைன்னா, அது உடம்புக்கு அடியிலயே இருந்துச்சுன்னா, உனக்கு கோவப்பட நியாயம் இருக்கு. மேல இருந்த கைன்னா விட்டுடு.

பெரிய மேட்ச்லயே இந்த முட்டுக்கை விஷயத்துல ரெஃப்ரிங்க ஒரே மாதிரி முடிவு எடுக்கறதில்லங்கறதையும் சொல்லணும். 2022 வேர்ல்டு கப்புல போர்ச்சுகல், உருகுவே மேட்ச், கடைசி நேரத்துல உருகுவே டிஃபென்டர் ஹிமேனஸ் ப்ரூனோ ஃபெர்னாண்டஸ தடுக்க போய் விழறான், பால் கால் நடுவுல பூந்து பின்னாடி தரைல ஊனியிருந்த கைல படுது. ரெஃப்ரி அலிரேஸா ஃபகானி மானிட்டர்ல போய் பாத்துட்டு பெனால்டி குடுத்தாரு, ப்ரூனோ கோல் போட்டான். அன்னிக்கு நைட்டு உருகுவேக்காரங்க மட்டும் இல்ல, நிறைய முன்னாள் ரெஃப்ரிங்களே இது முட்டுக்கை, பெனால்டி இல்லன்னு சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா கை உடம்புக்கு நேர் கீழ இல்லாம கொஞ்சம் விலகி பின்னாடி இருந்துச்சு, அந்த விலகல எவ்ளோன்னு எடுத்துக்கறதுங்கறதுல தான் ரெண்டு பக்கமும் பேச முடியுது.

தூரம் பத்தி கேப்ப, "ரெண்டு அடில இருந்து அடிச்சான், கைய எப்படிண்ணே எடுக்கறது"ன்னு. இது வேணும்னு தொட்டானாங்கற கேள்விக்கு ரொம்ப முக்கியம், ரெண்டு அடில இருந்து வர பால நோக்கி ஒருத்தன் கைய கொண்டு போறதே கஷ்டம். ஆனா கை ஏற்கனவே தேவையில்லாம வெளிய நின்னுட்டு இருந்துச்சுன்னா தூரம் காப்பாத்தாது. அதே மாதிரி தன் கால்லயோ தன் நெஞ்சுலயோ பட்டு திசை மாறி கைல பட்டா பொதுவா விட்டுடுவாங்க, ஏன்னா அவன் பால விளையாட தான் போனான், அது எங்க தெறிக்கும்னு அவனுக்கு தெரியாது. இதுக்கும் 2019ல தனி வரி இருந்து 2021ல போச்சு, பழக்கத்துல இருக்கு. ஆனா கை தலைக்கு மேல கம்பு மாதிரி நின்னுட்டு இருந்தா, தன் கால்ல பட்டு தெறிச்சாலும் சில ரெஃப்ரி ஊதுவாங்க, அத தப்புன்னும் சொல்ல முடியாது.

யூரோ 2024ல ஒரே வாரத்துக்குள்ள நடந்த ரெண்டு சம்பவத்த பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா இந்த கேள்வி எவ்ளோ நூல் மேல நடக்குதுன்னு புரியும். ஜூன் 29, டார்ட்மண்டுல ஜெர்மனி, டென்மார்க். ஜெர்மனி ஆளு டேவிட் ராவும் பக்கத்துல இருந்தே ஒரு கிராஸ் போடறான், டென்மார்க் டிஃபென்டர் ஆண்டர்சன் ஓடிட்டே வரான், கை ஆட்டத்துல இருக்கு, விரல் நுனில பட்ட மாதிரி ஒரு உரசல். கண்ணுக்கு சரியா தெரியாது. பாலுக்குள்ள சென்சார் இருந்துச்சு, கிரிக்கெட்ல பேட்ல உரசுனத காட்டறது போல ஒரு கோடு துடிக்கறத டிவில காட்டுனாங்க. பெனால்டி, ஹாவர்ட்ஸ் கோல். இதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி தான் இதே ஆண்டர்சன் போட்ட கோல ஆஃப்சைடுன்னு ரத்து பண்ணாங்க, பாவம் மனுசன். சென்சார் பால் கைல பட்டுச்சுங்கறத மட்டும் தான் சொல்லும், அது குத்தமான்னு சொல்லாது, அத மனுசன் தான் முடிவு பண்ணனும். ஓடறவனோட கை அது, இயல்பு தானேன்னு நானும் கேட்டேன், இன்னிக்கும் கேப்பேன்.

ஆறு நாள் கழிச்சு ஜூலை 5, ஸ்டுட்கார்ட்டுல ஜெர்மனி, ஸ்பெயின் குவார்ட்டர் ஃபைனல், எக்ஸ்ட்ரா டைம். ஜெர்மனியோட முசியாலா கோல நோக்கி ஓங்கி அடிக்கறான், ஸ்பெயினோட குகுரேயா குறுக்க நிக்கறான், இடது கை உடம்ப விட்டு விலகி கீழ தொங்குது, பால் நேரா கைல. ரெஃப்ரி ஆண்டனி டெய்லர் குடுக்கல. கை கீழ் நோக்கி இருந்துச்சு, உடம்பு பக்கம் போயிட்டு இருந்துச்சுங்கறது அப்ப சொன்ன காரணம். ஸ்பெயின் கடைசி நிமிஷத்துல மெரினோ ஹெட்டர்ல ஜெயிச்சுது. அப்புறம் செப்டம்பர்ல ஐரோப்பா ஃபுட்பால் அமைப்பு யூயெஃபாவோட ரெஃப்ரி கமிட்டி அது பெனால்டி குடுத்திருக்க வேண்டியதுன்னு சொன்னதா செய்தி வந்துச்சு. அவங்க சொன்ன காரணத்த கவனி, கோலுக்கு போற ஷாட்ட கை தடுத்துச்சுன்னா இன்னும் கறாரா பாக்கணும், கை உடம்போட ஒட்டியோ ரொம்ப பக்கத்துலயோ இருந்தா தான் விடணும். சட்டப் புத்தகத்துல இந்த "கோலுக்கு போற ஷாட்"ங்கற வித்தியாசம் எழுதி இல்ல, ஆனா ரெஃப்ரி மண்டைக்குள்ள அது ஓடும்ங்கறது உண்மை. வெளிய போற கிராஸ் கைல உரசறதும் கோல் போஸ்ட்டுக்குள்ள போற பால் கைல அடைபடறதும் ஒண்ணா இல்லங்கறது எல்லாருக்கும் தெரியும்.

டிஃபென்டருங்க கிராஸ் வரப்போ கைய பின்னாடி கட்டிட்டு ஓடறத பாத்திருப்ப. அப்படி ஓடுனா பேலன்ஸ் போகும், திரும்ப முடியாது, நல்ல விங்கர் அந்த நொடில உள்ள வெட்டிட்டு போயிடுவான். சட்டம் அத கேக்கவே இல்ல. நின்னு பிளாக் பண்ற கடைசி நொடில மட்டும் முழங்கைய மடக்கி உடம்போட ஒட்டுனா போதும். ஸ்லைடுக்கு உங்க ஆளுகிட்ட சொல்ல வேண்டியது, மேல்கைய தொடை பக்கமா கொண்டு வந்து ஒட்டி சறுக்க பழகச்சொல்லு, ஆரம்பத்துல விழற மாதிரி இருக்கும், அப்புறம் பழகிடும்.

சரி, இப்ப அவங்க கோலு. இதுல உனக்கு கோவம் வர காரணம், 2019ல இருந்து 2021 வரைக்கும் நீ நினைக்கற மாதிரியே தான் சட்டம் இருந்துச்சு. அட்டாக் பண்ற டீம்ல எவன் கைல தெரியாம பட்டாலும் அதுல இருந்து கோல் வந்தா கோல் இல்ல. அது எவ்ளோ கொடுமையா போச்சுன்னா, 2021 மார்ச் 4, இங்கிலாந்துல ஃபுல்லம், டாட்டன்ஹாம் மேட்ச். டாட்டன்ஹாம் டிஃபென்டர் சாஞ்செஸ் பால கிளியர் பண்ண ஓங்கி அடிக்கறான், அது ரெண்டடில நிக்கற ஃபுல்லம் ஆளு லெமினா கைல படுது, அவன் கை உடம்போட ஒட்டி தொங்குது, அவனால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. பால் தெறிச்சு கூட ஆடற மாஜாகிட்ட போய் அவன் கோல் போட்டான். சமமாக வேண்டிய மேட்ச், வீடியோ பாத்து முடிவு சொல்ற விஏஆர் கோல ரத்து பண்ணிச்சு, ஃபுல்லம் 1-0ல தோத்துச்சு. ரெஃப்ரி பண்ணது அன்னிக்கு சட்டப்படி சரி, சட்டம் தான் கோணல். இதுல வேடிக்க என்னன்னா மறுநாளே, மார்ச் 5, ஐஎஃப்ஏபி கூட்டத்துல இந்த விதிய மாத்தறோம்னு அறிவிச்சாங்க. அந்த வருஷம் ஜூலைல இருந்து, கூட ஆடறவன் கைல தெரியாம பட்டு அதுக்கப்புறம் வேற ஒருத்தன் கோல் போட்டா அது கோல் தான். அந்த மிட்ஃபீல்டர் கைல தெரியாம பட்டிருந்தா, உங்க மேட்ச்ல நடந்தது அப்படியே லெமினா கேஸ்.

ஆனா அந்த மிட்ஃபீல்டரே தன் கைல பட்ட பால உடனே அடிச்சு கோல் போட்டிருந்தா கோல் இல்ல, உங்க டீமுக்கு ஃப்ரீ கிக். "உடனே"ன்னா எத்தன நொடின்னு சட்டத்துல இல்ல. கைல பட்டு கீழ விழுந்த பால அடுத்த தொடுதல்ல அடிச்சா உடனே தான், அதுல சந்தேகம் இல்ல. கைல பட்டு, ஒரு ஆள வெட்டி, இருபது அடி ஓடி, அப்புறம் அடிச்சா அது உடனே இல்லன்னு பெரும்பாலும் எடுத்துக்குவாங்க. நடுவுல இருக்கறது ரெஃப்ரி முடிவு. இன்னொண்ணு, அவன் கை விரிச்சு பெருசாக்கி நின்னு அதுல பட்டிருந்தா, இல்ல கைய வேணும்னு கொண்டு போயிருந்தா, அது நடு கிரவுண்டுலயே குத்தம், அதுக்கப்புறம் யாரு கோல் போட்டாலும் செல்லாது. கூட்டாளி கைல பட்டா பரவால்லங்கறது இயல்பா இருந்த கைல தெரியாம பட்டதுக்கு மட்டும்.

2009 நவம்பர் 18 பிரான்ஸ், அயர்லாந்து மேட்ச் இதுக்கு நல்ல உதாரணம். எக்ஸ்ட்ரா டைம்ல தியரி ஹென்றி வெளிய போற பால கைல ரெண்டு தடவ தட்டி நிறுத்தி உள்ள குடுக்க, கல்லாஸ் ஹெட் அடிச்சு கோல். கோல் போட்டது கல்லாஸ், கை ஹென்றியோடது, கூட்டாளி கை தானேன்னு இன்னிக்கு யாராவது வாதம் பண்ணா செல்லாது, ஏன்னா அது வேணும்னு பண்ணது, பழைய சட்டம் புது சட்டம் எதுலயும் குத்தம். அன்னிக்கு ரெஃப்ரி கண்ணுல படல, அவ்ளோதான், பிரான்ஸ் 2010 வேர்ல்டு கப்புக்கு போச்சு. எங்க ஊர்ல பிரெஞ்சு பாஸ்போர்ட் வச்சிருக்கற பெரியவங்க பிரான்ஸ் ஜெயிச்ச 1998 வேர்ல்டு கப்ப பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க, இந்த மேட்ச எடுத்தா மட்டும் வெயில் ஜாஸ்தியா இருக்குல்லம்பாங்க.

கார்டு பத்தி நீ கேக்கல, ஆனா உங்க கிரவுண்டுல அடுத்த சண்ட அதுல தான் வரும். ஹேண்ட்ஸ்னாலே மஞ்ச கார்டுன்னு ஒரு நம்பிக்க ஓடுது, அது இல்ல. நிறைய ஹேண்ட்ஸுக்கு வெறும் ஃப்ரீ கிக் இல்ல பெனால்டி, அதோட முடிஞ்சுது. நல்ல அட்டாக்க வேணும்னு கையால நிறுத்துனா மஞ்ச, கையால கோல் போட முயற்சி பண்ணா அது போகலன்னாலும் மஞ்ச. உள்ள போற கோல வேணும்னு கையால தடுத்தா சிவப்பு, 2010 வேர்ல்டு கப்புல கானாவுக்கு எதிரா கோல் கோட்டுல உருகுவே சுவாரஸ் பண்ணானே அது. கானாவோட ஜியான் அந்த பெனால்டிய கம்பில அடிச்சான், உருகுவே ஷூட்அவுட்ல ஜெயிச்சுது, ஆனா சட்டம் அன்னிக்கு குடுக்க வேண்டிய சிவப்பையும் பெனால்டியையும் குடுத்துடுச்சு. 2024ல ஒரு நல்ல மாத்தம் வந்துச்சு, பெனால்டி ஏரியாவுக்குள்ள வேணும்னு பண்ணாத ஹேண்ட்ஸ், அதாவது கை பெருசா இருந்து பட்டது, கோல தடுத்துச்சுன்னா இப்ப பெனால்டியும் மஞ்ச கார்டும் தான், சிவப்பு இல்ல. அதே வெறும் நல்ல அட்டாக்க நிறுத்துச்சுன்னா பெனால்டி மட்டும், கார்டே இல்ல. உங்க ஆளுக்கு அன்னிக்கு ரெஃப்ரி கார்டு காட்டியிருந்தா, எதுக்காகன்னு கேக்கலாம், கிராஸ தெரியாம பிளாக் பண்ணதுக்குன்னா அது அநேகமா தேவையில்லாத கார்டு.

கீப்பர் பத்தி ஒரே வார்த்த. தன் பெனால்டி ஏரியாக்குள்ள அவனுக்கு இந்த ஹேண்ட்பால் பெனால்டி கிடையாது, பேக் பாஸ கையில எடுத்தா கூட இன்டைரக்ட் ஃப்ரீ கிக் தான். ஏரியாவுக்கு வெளிய அவனும் மத்த பத்து பேர் மாதிரி. வெளியவா உள்ளயாங்கறது அவன் கால் எங்க இருக்குன்னு இல்ல, பால் கைல பட்ட இடம் எங்கன்னு, அந்த கோடும் ஏரியாவ சேர்ந்தது. சில்வர் பீச்ல மணல்ல குச்சியால கோடு கிழிச்சு ஆடற மேட்ச்ல இத வச்சு அடிதடியே நடக்கும், ஏன்னா கால் வச்சு வச்சு கோடே அழிஞ்சு போயிருக்கும்.

கடைசியா உங்க ரெஃப்ரிக்காக ஒண்ணு. டிவில பத்து கேமரா, சென்சார், மெதுவா ஓட்டி பாக்கற வசதி எல்லாம் இருந்தே குகுரேயா கேஸ்ல முடிவ மாத்தி சொல்ல ரெண்டு மாசம் ஆச்சு. மஞ்சக்குப்பத்துல ஒரு ஆளு, சாயங்கால வெயில் கண்ணுல, லைன் பாக்க ரெண்டு கிளப்ல இருந்தும் ஆளுக்கு ஒருத்தன். அந்த ரெஃப்ரி பக்கவாட்டுல நின்னுட்டு இருந்தா கைக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளி தெரியாது, நேர் எதிர்ல இல்ல பின்னாடி இருந்தா தான் தெரியும். உங்களுக்கு எதிரா ஊதுன பெனால்டிக்கு அவரு எந்தப் பக்கம் நின்னாருன்னு யோசிச்சு பாரு, யாராவது செல்ஃபோன்ல எடுத்திருந்தா அத நிறுத்தி, பால் படற நொடில மேல்கை எங்க இருக்குன்னு பாரு. மெதுவா ஓட்டி பாக்காத, மெதுவா ஓட்டுனா எல்லா கையும் வேணும்னு வச்ச மாதிரியே தெரியும். ஒரு தடவ சாதா வேகத்துல பாரு, ஒரு தடவ பட்ட இடத்துல நிறுத்தி பாரு. தரைல ஊனுன கைன்னா வீடியோவ எனக்கு அனுப்பு, நானும் பாக்கறேன்.